ஒன்பது இஞ்சுக்குப் பிறகு வந்த விளம்பரம்

மன்னார்குடியில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் ஒன்பது வருடம் எடிட்டராக இருந்தேன். முகூர்த்தம், நலங்கு, மோதிரம் மாற்றுவது, சாப்பாட்டுப் பந்தி என்று அடுத்தவர் வீட்டு விசேஷங்களை வெட்டி ஒட்டியே என் இருபதுகள் கழிந்தன. ஸ்டுடியோ முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு திருச்சிக்குப் போனபோது, கம்ப்யூட்டர் ஒன்றைப் பாதி விலைக்கு எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதை அண்ணன் வீட்டு முன்னறையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் சில வாரம் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி தையல்காரி. எங்கள் தெருவிலும் சர்ச் தெருவிலும் பாதிப் பெண்களுக்கு அண்ணியின் கை ஜாக்கெட் என்றால்தான் திருப்தி. வெட்டும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வது அண்ணியின் பழக்கம். "இங்க ஒரு அரை இஞ்ச் இறக்கணும். இறக்கலன்னா கழுத்து தூக்கும்," என்று துணியிடம் சொல்லிக்கொண்டே கத்தரியை ஓட்டுவார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு யோசனை வந்தது. ஒரு போனை மேலிருந்து கீழ்நோக்கிக் கட்டி, மேசையையும் அண்ணியின் கைகளையும் மட்டும் எடுத்தோம். முகம் காட்டமாட்டேன் என்று அண்ணி முதல் நாளே சொல்லிவிட்டார். அப்படித்தான் எங்கள் சேனல் தொடங்கியது.

ஜாக்கெட் வெட்டுவது, சுடிதார் வெட்டுவது, குழந்தைக்குப் பாவாடை தைப்பது. எல்லாமே நீளமான வீடியோக்கள். முப்பது நிமிடத்துக்குக் குறைந்து ஒன்றும் கிடையாது. "அவசரமா வெட்டினா துணி போயிடும். பாக்குறவங்களும் நம்ம கூடவே வெட்டட்டும்," என்பார் அண்ணி. மெதுவாக ஆட்கள் சேர்ந்தார்கள். விளம்பர வருமானத்துக்குத் தகுதி வந்த பிறகு மாதாமாதம் ஒரு தொகை வந்தது. வீடியோவுக்கு முன்னால் வரும் விளம்பரம், நடுவில் ஒன்றோ இரண்டோ, அவ்வளவுதான். நடுவில் எங்கே வருவது என்பதைத் தளமே தானாகத் தீர்மானிக்கும்படி விட்டிருந்தேன்.

துபாயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் திரும்பி வந்ததும் நிலைமை மாறியது. முதுகுத் தண்டில் வட்டு விலகியிருந்தது. நின்று வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தைத் திரும்ப எடுக்கலாம் என்றால், நடவுக்கு நிற்க அண்ணனால் முடியாது. காலையில் பேப்பரை இரண்டு தடவை படிப்பார். அண்ணி கூடுதல் ஜாக்கெட்டுகளை வாங்கி வந்து தைத்தார். வீட்டுச் செலவில் என் பங்கு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் என்னை உறுத்தியது.

அப்போதுதான் நடு விளம்பரங்களை நானே வைக்கத் தொடங்கினேன்.

எட்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ என்றால் அதற்குள்ளே விளம்பர இடைவெளி வைக்கலாம். வீடியோவின் முழு நீளமும் ஒரு கோடாகத் திரையில் தெரியும். கோட்டில் விரும்பிய இடத்தில் ஒரு குறி வைத்தால் போதும். குறி வைத்த இடத்தில் எல்லோருக்கும் கட்டாயம் விளம்பரம் வரும் என்றில்லை. பார்ப்பவர் யார், அந்த நேரத்தில் என்ன விளம்பரம் கைவசம் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. கட்டணம் கட்டி விளம்பரமில்லாமல் பார்ப்பவர்களும் உண்டு. ஆனாலும் குறிகள் அதிகமானால் வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டேன். பட்டு ஜாக்கெட் வெட்டும் முப்பத்தெட்டு நிமிட வீடியோ ஒன்று புதிதாகத் தயாராகியிருந்தது. அதில் பன்னிரண்டு குறிகள் வைத்தேன். மூன்று நிமிடத்துக்கு ஒன்று. அண்ணி எந்த இடத்தில் என்ன சொல்கிறார் என்று பார்க்கவில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வைத்துக்கொண்டே போனேன். சில குறிகளின் மேல், இந்த இடம் பார்ப்பவருக்கு இடையூறாக இருக்கலாம் என்று தளமே எச்சரித்தது. அதையும் கண்டுகொள்ளவில்லை.

முதல் பத்து நாளில் கணக்கு என் பக்கம் இருந்தது. ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று காட்டும் எண் சட்டென்று ஏறியது. அண்ணனிடம் காட்டினேன். "பரவால்லையே," என்று சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பை நம்பி, பழைய வீடியோக்கள் எல்லாவற்றிலும் அதேபோல் குறிகளை நெருக்கினேன். பழைய வீடியோவைத் திரும்ப ஏற்ற வேண்டியதில்லை. குறிகளை மட்டும் மாற்றிச் சேமித்தால் போதும். ஒரு மத்தியான நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

பிறகு கமெண்டுகள் வரத் தொடங்கின. "அக்கா, விளம்பரம் ரொம்ப வருது." "கையில துணியும் கத்தரியும் இருக்கு, ஸ்கிப் பண்ண முடியல." அண்ணி கமெண்ட் படிப்பதில்லை, பதில் போடுவதும் நான்தான். "மன்னிக்கவும் அக்கா" என்று எல்லோருக்கும் ஒரே பதிலை ஒட்டினேன். பார்வைகளும் குறைந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு நிமிடத்திலும் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் ஒன்று உண்டு. அதை எதற்காகவோ நான் திறக்காமலே இருந்தேன். இப்போது யோசித்தால், தெரிந்தேதான் திறக்காமல் இருந்தேன் என்று படுகிறது.

ஒரு வியாழக்கிழமை காலை, சேனலில் கொடுத்திருந்த எண்ணுக்கு ஒரு போன் வந்தது. கூத்தாநல்லூரிலிருந்து ஒரு அம்மா.

"ஜாக்கெட் வெட்டிக் காட்டுவாங்களே, அவங்களா?"

"அவங்க நாத்தனார் பேசுறேன்மா. சொல்லுங்க."

"மகளுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை நிக்காஹ். பட்டுப் புடவையில வர்ற துணிய உங்க வீடியோவப் பாத்து வெட்டினேன். சேரல. பக்கத்துக்குப் பக்கம் எட்டவே மாட்டேங்குது. அவங்க சொன்ன மாதிரித்தான் வெட்டினேன். மகளுக்கும் அதே முப்பத்தாறு அளவுதான். ஒன்பது இஞ்சுன்னாங்க, ஒன்பது இஞ்ச் வெட்டினேன். வேற துணி இல்லைங்க."

அண்ணி பக்கத்தில் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். போனை அவரிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒன்பது இஞ்சோட தையலுக்கு ஒன்றரை சேத்து வெட்டச் சொல்லியிருப்பேனேம்மா," என்றார் அண்ணி.

"அப்படி நீங்க சொல்லலயே."

"சொல்லாம இருக்க மாட்டேன்மா."

"நான் கூடவேதானே பாத்துக்கிட்டு வெட்டினேன். நீங்க சொல்லவே இல்ல."

கோபத்தில் பேசுகிற குரலாக அது இல்லை. தன் மேல்தான் தப்போ என்று பயந்துபோன குரல். அண்ணி கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். பிறகு, "மிச்சத் துணி எதையும் தூக்கிப் போடாதீங்க. துண்டு துணிகூட வேணும். நாங்க வர்றோம்," என்று சொல்லி விலாசம் கேட்டுக்கொண்டார்.

போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "அந்த வீடியோவைப் போடு. நான் சொல்லாம விட்டேனா பாப்போம்," என்றார்.

போட்டேன். பன்னிரண்டாவது நிமிடத்தை நெருங்கும்போது அண்ணியின் குரல் வந்தது: "மார்பு முப்பத்தாறுன்னா நாலுல ஒரு பங்கு ஒன்பது. பக்கவாட்டுல ஒன்பது இஞ்ச் மார்க் பண்ணிக்கங்க." எங்கள் கம்ப்யூட்டரில் எடிட் செய்த கோப்பு ஓடியதால் விளம்பரம் எதுவும் வரவில்லை, நேராக அடுத்த வாக்கியம் வந்தது. "இதோட தையலுக்கு ஒன்றரை இஞ்ச் சேத்து இன்னொரு கோடு போடணும். அந்தக் கோட்டுலதான் வெட்டணும்."

"இந்தா, சொல்லியிருக்கேன்ல," என்றார் அண்ணி, நிம்மதியோடு.

தளத்தில் அதே வீடியோவின் விளம்பரக் கோட்டைத் திறந்தேன். சரியாகப் பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு குறி. அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில். நான் வைத்த குறி.

"அண்ணி, இங்க ஒரு விளம்பரம் வருது."

"எங்க?"

"ஒன்பது இஞ்ச்னு நீங்க சொன்னதுக்கும் ஒன்றரைன்னு சொல்றதுக்கும் நடுவுல. நான்தான் வச்சேன்."

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கத்தரி, டேப், நூல்கண்டு எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தார். "கிளம்பு. பதினோரு மணி பஸ்ஸப் புடிக்கணும்," என்றார்.

பஸ் கிளம்பியது. இரண்டு பக்கமும் சம்பா அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றிருந்தது. பாதி வழியில் அண்ணி கேட்டார்: "மொத்தம் எத்தனை வச்சிருக்க?"

"பன்னெண்டு."

"எல்லா வீடியோவுலயுமா?"

"எல்லாத்துலயும்."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன் அண்ணனுக்காகத்தான் செஞ்சன்னு தெரியுது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். கேட்டிருக்கலாம்தான்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் திகைத்துப்போனார். போனில் கைகளாக மட்டுமே பார்த்த ஆள் வாசலில் வந்து நிற்பதை அவரால் நம்ப முடியவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துப் பார்த்து, "இந்தத் தழும்பு. ஆமா, நீங்கதான்," என்றார். கட்டைவிரலில் ஊசி ஏறிய பழைய தழும்பு அண்ணிக்கு உண்டு.

தரையில் பாயை விரித்து வெட்டிய துணியைப் பரப்பினார்கள். அரக்குப் பட்டு. பின்பக்கத்தை வெட்டிவிட்டு, அதையே முன்பக்கத்தின் மேல் வைத்து அளவெடுத்திருந்ததால், குறை இரண்டிலும் ஏறியிருந்தது. லைனிங்கும் அதே அளவு. மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தவள் என்று தெரிந்தது.

அண்ணி துண்டு துணிகளை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தார். "அக்குளுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஒரு பட்டி ஒட்டுக் கொடுக்கலாம். ஜரிகை இல்லாத பக்கமா எடுத்தா ஒட்டே தெரியாது. கை அது மேல விழுந்து மறைச்சிடும்," என்றார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணி தையல் மிஷினில் உட்கார்ந்த பிறகு, நான் அந்த அம்மாவிடம் கேட்டேன்: "அம்மா, நீங்க எப்படிப் பாத்து வெட்டினீங்கன்னு எனக்குக் கொஞ்சம் காட்ட முடியுமா?"

அவர் காட்டினார். அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தார். தான் தரையில் மண்டியிட்டுக்கொண்டார். ஒரு கையில் சாக்பீஸ், மறு கையில் ஸ்கேல், தோளில் டேப். வீடியோ ஓடியது. மூன்றாவது நிமிடத்தில் ஒரு விளம்பரம். ஆறாவது நிமிடத்தில் இரண்டு. "ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு வந்து தள்ளி விட முடியுமா? அதனால என்ன பண்ணுவேன்னா, விளம்பரம் வந்துச்சுன்னா, சரி, அவங்க ஒரு வேலை முடிச்சிட்டாங்க, அந்த நேரத்துல நாம வெட்டிடுவோம்னு வெட்டிடுவேன்," என்றார்.

"விளம்பரம் வந்தா அந்த வேலை முடிஞ்சதுன்னு நினைச்சீங்களா?"

"அப்படித்தானே வைப்பாங்க?"

ஒன்பது இஞ்ச் சொன்னதும் விளம்பரம் வந்திருக்கிறது. வேலை முடிந்தது என்று கத்தரியை எடுத்திருக்கிறார். விளம்பரம் முடிந்து அண்ணியின் குரல் வந்தபோது துணி ஏறக்குறைய இரண்டாகியிருந்தது. கத்தரிச் சத்தத்தில் அந்த ஒன்றரை காதில் விழவில்லை. அவர் என்னை நம்பியிருந்தார். யாரோ ஒருவர் யோசித்துத்தான் அந்த இடத்தில் வைத்திருப்பார் என்று நம்பியிருந்தார்.

"அத வச்சது நான்தாம்மா. யோசிக்காம வச்சுட்டேன். தப்பு உங்க மேல இல்ல," என்றேன்.

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "அத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நேத்துலேர்ந்து மகளோட மூஞ்சியப் பாக்க முடியாம இருந்தேன்," என்றார். பிறகு மகளிடம் திரும்பி, "கேட்டியாடி?" என்றார். அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள்.

நாலு மணிக்கு ஜாக்கெட் முடிந்தது. அந்தப் பெண் போட்டுக்கொண்டு வந்து கையைத் தூக்கிக் காட்டினாள். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. கூலி என்று எதையோ கொடுக்க வந்தார்கள், அண்ணி வாங்கவில்லை. சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்கார வைத்துச் சோறு போட்டார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அந்த வரைபடத்தைத் திறந்தேன். அண்ணியையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். நல்ல வீடியோவில் அந்தக் கோடு ஆரம்பத்தில் சட்டென்று இறங்கி, பிறகு மெதுவாகச் சரியும். எங்களுடையது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தது. நான் குறி வைத்த இடங்களில்தான் படிகள். முதல் படிதான் மிகப் பெரியது. மூன்றாவது நிமிடத்தில் அண்ணி இன்னும் அளவு ஜாக்கெட்டை விரித்துக்கூட முடிக்கவில்லை. இந்த அக்கா நன்றாகச் சொல்லித்தருவார் என்று நம்பிக்கை வருவதற்கு முன்பே ஆட்களை நான் விரட்டியிருந்தேன். கடைசிக் குறிகள் வரைக்கும் வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பன்னிரண்டு வைத்து என்ன பயன்? பின்னால் இருந்த ஐந்தாறு ஏறக்குறைய ஆளில்லாத வீட்டில் அடித்த மணி.

"இங்க என்ன, மேல ஏறுது?" என்று அண்ணி ஒரு மேட்டைக் காட்டினார்.

"அங்க ஆளுங்க திரும்பப் போய்ப் பாக்குறாங்க அண்ணி. கழுத்து வளைவு போடுற இடம்."

"அப்படின்னா அங்க சத்தமே காட்டாத. அது கஷ்டமான இடம்." பிறகு வீடியோவை ஓட விட்டு, தானே வெட்டுகிற மாதிரி கையை அசைத்துக்கொண்டே வந்தார். "பின்பக்கத்த வெட்டுங்கன்னு சொல்லிட்டேன்ல? இந்த இடத்துல அவங்களுக்கு வெட்ட நேரம் வேணும். இங்க வை."

அப்படி மூன்று இடங்கள் கிடைத்தன. பின்பக்கம் வெட்டி முடிக்கும் இடம், முன்பக்கம் முடிக்கும் இடம், வெட்டிய துணியை எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் போகும் இடம். முதல் குறியே பதினான்காவது நிமிடத்தில்தான் வந்தது. ஒவ்வொரு குறியையும் வாக்கியம் முடிந்து அண்ணி மூச்சு விடும் இடத்துக்கு, வினாடி பார்த்து நகர்த்தினேன். பழைய வீடியோக்கள் எல்லாவற்றையும் இருவரும் உட்கார்ந்து இப்படியே மாற்ற ஒன்பது நாள் ஆனது. வீட்டில் சமையலை அண்ணன் பார்த்துக்கொண்டார். அவர் வைக்கும் ரசம் நன்றாகவே இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆயிரம் பார்வைக்கு வரும் தொகை உடனே விழுந்தது. அதை எதிர்பார்த்தேன் என்றாலும் பார்க்கும்போது பயமாக இருந்தது. "பொறு," என்றார் அண்ணி. அந்த மாதம் கடினமான மாதம். அண்ணி பக்கத்து டெய்லர் கடையிலிருந்து ஃபால்ஸ் அடிக்கப் புடவைகள் வாங்கி வந்தார். நான் ஒரு காதுகுத்து வீடியோவை எடிட் செய்து கொடுத்தேன். இரண்டாவது மாதத்தில் படிக்கட்டுகள் மறைந்து, கோடு சரிவாக மாறியிருந்தது. மிஷினுக்குப் போகும் இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம். சராசரியாக ஒருவர் பார்க்கும் நேரம் கூடியது. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் திறப்பவர்கள் திரும்ப வந்தார்கள். மூன்றாவது மாதம் மொத்தத் தொகை, நான் குறிகளை நெருக்குவதற்கு முன்னால் இருந்த அளவுக்கு வந்தது. அதற்கு மேல் பெரிதாக ஏறவில்லை. விளம்பரத்தை இடம் மாற்றியதால் மட்டும்தான் எல்லாம் சரியானது என்று அடித்துச் சொல்லவும் என்னால் முடியாது; பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், சீருடை தைக்கும் வீடியோக்களும் நன்றாக ஓடின.

அண்ணி இப்போது ரெக்கார்டிங்கின்போதே யோசிக்கிறார். ஒரு பகுதியை முடித்ததும், "இப்ப நீங்க வெட்டுங்க. வெட்டிட்டு வாங்க, நான் இங்கதான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, கத்தரியைக் கீழே வைத்து, கைகளை மேசைமேல் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறார். அந்த மௌனத்தில்தான் நான் குறி வைக்கிறேன். விளம்பரம் வராதவர்களுக்கு அந்த ஓய்ந்த கைகள் மட்டும் தெரியும்.

போன மாதம் சல்வார் வெட்டும் வீடியோவுக்கு நாலாவதாக ஒரு குறி வைக்கலாமா என்று கேட்டேன். நாடா கோர்க்கும் இடம், பொருத்தமாகத்தான் தோன்றியது. அண்ணி ஓட விட்டுப் பார்த்துவிட்டு, "நாடா கோக்குறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? வேணாம்," என்றார். நான் வாதாடினேன். அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் இருவரையும் பார்த்துவிட்டு, சல்வார் வெட்டத் தெரியாத ஆளிடம் கேட்காதீர்கள் என்று தப்பித்துக்கொண்டார். மூன்றோடு நிறுத்தினோம்.